கடலை மிட்டாய் அண்ணாச்சியின் கடைவாய்ப்பல்: இம்பிளாண்டா, பிரிட்ஜா, கழற்றி மாட்டும் பல்லா?

கோவில்பட்டிப் பக்கம் கடலை மிட்டாய் போடும் ஒருவர், வயது 53, மனைவியோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாயில் எடுத்த அளவுகளை மாற்றவில்லை. அவரை இங்கே அண்ணாச்சி என்றே சொல்கிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ரோஜா நிறத்தில், வளையக்கூடிய பொருளில் செய்த ஒற்றைப் பல். கழற்றி மாட்டுவது. "நாலு மாசம் போட்டேன் டாக்டரம்மா. அதுக்கடியில கடலைத் துணுக்கு போய் உட்கார்ந்துகிட்டு ஈறக் குத்துது. இப்ப டிராயர்லதான் கிடக்கு. ஸ்குரு போடுற பல்லு வச்சிருங்க" என்றார். ஸ்குரு போடுற பல் என்றால் இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன் மேல் பல் வைப்பது. தம்பிக்குப் போட்டு நன்றாக இருக்கிறதாம்.

அவர் முடிவு செய்துகொண்டே வந்துவிட்டார். கடைசியில் நாங்களும் இம்பிளாண்ட்தான் வைத்தோம், ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த அந்த முதல் நாளில் நான், இருபுறப் பற்களையும் பிடித்து நிற்கிற பிரிட்ஜ் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

வாயில் என்ன இருந்தது

போனது கீழ்த்தாடையில் வலதுபக்க முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதில் முளைக்கிற பல் இது. எந்தப் பால்பல்லும் விழாமல் பின்னால் புதிதாக முளைப்பதால், பால்பல்தானே என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதனாலேயே பெரியவர்கள் வாயில் அதிகம் காணாமல் போவதும் இதுதான். அண்ணாச்சிக்குச் சொத்தை வேர்வரை போய், நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்திருக்கிறார்கள்.

பல் போன இடம் அப்படியே காத்திருப்பதில்லை. எடுத்த முதல் ஓராண்டிலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி குறைந்துவிடக்கூடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். பின்னால் இருக்கும் பல் காலி இடத்தை நோக்கிச் சாயும். எதிரே மேல்தாடையில் இருப்பது மெல்லக் கீழே இறங்கும். அண்ணாச்சி வாயில் இந்த மூன்றும் நடந்திருந்தன.

பின்னால் இருந்த இரண்டாம் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 15 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. அதில் பெரிய பழைய வெள்ளி அடைப்பு, அடைப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை. குளிர் வைத்துப் பார்த்தபோது சட்டென்று கூசி, எடுத்ததும் அடங்கியது. அதாவது உள்ளே நரம்பு நலமாக இருக்கிறது. முன்னால் இருந்த முன்கடைவாய்ப்பல்லில் ஒரு கீறல்கூட இல்லை, அடைப்பு இல்லை, ஆட்டமும் இல்லை. இனி இந்த இரண்டையும் பின்பல், முன்பல் என்றே சொல்கிறேன். மேல் பல் 1.5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. இரண்டு பல்லுக்கும் நடுவே, சாதாரணமாக 11 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம் 9 ஆகியிருந்தது.

அப்புறம் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 9.2. "மாத்திரை போடுறேன், ஆனா தினமும் பதம் பாக்கணும்ல" என்று சிரித்தார். பதம் பார்ப்பதென்றால் வெல்லப் பாகை நாக்கில் வைப்பது. அவர் மனைவி அப்போது என்னைப் பார்த்த பார்வையிலேயே வீட்டில் இது எத்தனையாவது சண்டை என்று தெரிந்தது.

முதலில் பிரிட்ஜ் ஏன் சரியாகத் தோன்றியது

எந்தப் பல்லை வைப்பது என்று யோசிக்கும்போது காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பதில் வராது. இருபுறமும் நிற்கிற பற்களைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் பழுதில்லாதவை என்றால் அவற்றைத் தொடாமல் இம்பிளாண்ட் வைப்பது நல்லது. இரண்டுக்கும் எப்படியும் கேப் போட வேண்டிய நிலை என்றால், அந்த இரண்டு கேப்பையும் நடுவில் ஒரு பல்லோடு இணைத்துப் பிரிட்ஜாகப் போட்டுவிடலாம். அறுவை இல்லை, மூன்று வாரத்தில் வேலை முடியும். அண்ணாச்சிக்கு ஒன்று பழுது, ஒன்று பழுதில்லை. ஆக இந்த விதி இரண்டு பக்கமும் இழுத்தது.

சர்க்கரை 9.2 வரை கூடியிருக்கும்போது அறுவை ஆகாது என்பதும் பிரிட்ஜ் பக்கம் தள்ளியது. பாரம் தாங்குமா என்ற கேள்விக்கும் பிரிட்ஜ் தேறியது. தாங்கும் பற்களின் வேர்ப் பரப்பு, இழந்த பல்லின் வேர்ப் பரப்பைவிடக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர்ப் பரப்பு மட்டுமே முதல் கடைவாய்ப்பல்லுக்கு ஏறத்தாழச் சமம். முன்கடைவாய்ப்பல் சேர்ந்தால் தாராளம். செலவும் குறைவு. எங்கள் கிளினிக்கில் அப்போது மூன்று பல் பிரிட்ஜ் 18,000 ரூபாய், இம்பிளாண்ட் அதன் மேல் பல்லோடு 32,000. பின்பல்லுக்குத் தனியாகக் கேப் போட்டால் இன்னொரு 6,000.

தயக்கம் வந்தது அளவு எடுத்து அச்சு ஊற்றிய பிறகுதான். மூன்று பல்லும் ஒரே துண்டு என்பதால் பிரிட்ஜ் மேலிருந்து ஒரே திசையில் இறங்க வேண்டும். அதற்கு இரு தாங்குபற்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி செதுக்க வேண்டும். நேராக நிற்கிற முன்பல்லுக்குச் சாய்ந்த பின்பல்லை இணையாக்க, அதன் முன்பக்கத்தை வழக்கத்தைவிட ஆழமாக எடுக்க வேண்டிவரும். நரம்பு இருக்கும் அறை அங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அச்சில் செதுக்கிப் பார்த்து, எக்ஸ்ரேயோடு வைத்து ஒப்பிட்டேன். நரம்பு அறைக்கும் செதுக்கிய பரப்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. அப்படியென்றால் நலமாக இருக்கிற நரம்பை எடுத்து வேர் சிகிச்சை செய்துவிட்டுத்தான் பிரிட்ஜ். முன்னால் இருக்கும் கீறல் படாத பல்லிலும், வெளியே தெரிகிற பகுதியில் பாதிக்கு மேல் செதுக்கியே ஆக வேண்டும். கேப்புக்காகச் செதுக்கிய பல் அதன் பிறகும் சும்மா இருப்பதில்லை. பத்தாண்டில் பத்தில் ஒரு தாங்குபல்லுக்காவது நரம்பு செத்துப்போகிறது.

பிரிட்ஜ் எப்படித் தோற்கும் என்பதையும் அண்ணாச்சியிடம் சொன்னேன், ஏனென்றால் அது நோயாளிக்குத் தெரியாமலே தோற்கும். இரண்டு கேப்பில் ஒன்றில் மட்டும் சிமெண்ட் விட்டுப்போகும். மற்றது பிடித்துக்கொண்டிருப்பதால் பிரிட்ஜ் கழன்று வராது, ஆடுவதும் தெரியாது. உள்ளே எச்சில் போய் வந்து, ஒரே வருடத்தில் பல் புட்டாகிவிடும். நாங்கள் கண்டுபிடிப்பது இப்படி: நடுப்பல்லுக்கு அடியில் கருவியைக் கொடுத்து மேலே தூக்கி அழுத்துவோம். விட்டுப்போன கேப்பின் ஓரத்தில் எச்சில் குமிழி வரும். குமிழி வந்துவிட்டால் பெரும்பாலும் பிரிட்ஜை அறுத்து எடுக்க வேண்டியதுதான்.

டப்பாவில் இருந்த பல்

கழற்றி மாட்டும் பல்லை மட்டமாகப் பேசுவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. நாலைந்து பல் இல்லாதவருக்கு, அல்லது பக்கத்துப் பற்கள் ஆடுகிறவருக்கு, சிறந்த வழி பல நேரம் அதுதான். அடுத்து ஒரு பல் போனால் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அண்ணாச்சிக்குச் செய்துகொடுத்த விதத்தில்தான் குறை. வளையும் பொருளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்திருந்தார்கள். பக்கத்துப் பற்களின் மேல் உட்கார்ந்து பாரத்தை அவற்றுக்குத் தருகிற சின்ன உலோகத் தாங்கி எதுவும் இல்லை. மெல்லும்போது முழுப் பாரமும் ஈறின் மேல். ஒவ்வொரு கடிக்கும் அது கொஞ்சம் அமுங்கி எழும், எழும்போது கடலைத் துணுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்பல்லின் உள்பக்கத்தில் ஈறு 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது அந்த நான்கு மாத வேலை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இவ்வளவு சின்னதாக, ஒரு பக்கம் மட்டும் மாட்டும் பல் தூக்கத்திலோ சாப்பாட்டோடோ தொண்டைக்குள் போகலாம். மூச்சுக்குழலில் போனால் உயிருக்கே ஆபத்து. ஒழுங்காகச் செய்வதென்றால் நாக்குக்கடியில் ஒரு உலோகக் கம்பி மறுபக்கம்வரை ஓடி, அங்கேயும் பற்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சியிடம் மாதிரியைக் காட்டினேன். "ஒரு பல்லுக்கு இம்புட்டு தண்டவாளமா?" என்றார். ஒற்றைப் பல்லுக்கு அது அவர் சொன்ன மாதிரிதான்.

ஸ்கேன் சொன்னது

இம்பிளாண்டுக்கு எலும்பு இருக்கிறதா என்பதைச் சாதாரண எக்ஸ்ரே முழுதாகச் சொல்லாது. அது உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. எனவே தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன். அகலம் 7.2 மில்லிமீட்டர். கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிற குழாய்க்கு மேலே 14 மில்லிமீட்டர் உயரம். நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டராவது விட்டுவைப்பது விதி. 4.3 மில்லிமீட்டர் விட்டமும் 10 நீளமும் உள்ள இம்பிளாண்ட் வைத்தால் நரம்புக்கு 4 மில்லிமீட்டர் மிச்சம், கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக எலும்பு. தாராளம் இல்லை, போதும். நாக்குப்பக்கம் தாடை உள்வாங்கிக் குழியாகிறதா என்பதையும் பார்த்தேன். அந்தக் குழியில் கருவி வெளியே துளைத்தால் நாக்கடியில் ரத்தம் கட்டி மூச்சை அடைக்கலாம். இவருக்குக் குழி ஆழமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மேல் பல் இறங்கியதால் ஈறுக்கும் அதற்கும் இடையே 6 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டராவது கூடக் கிடைத்தால்தான் பல் உடையாத தடிமனில் வரும். நடு இடம் 9 மில்லிமீட்டர் என்பதும் கடைவாய்ப்பல்லுக்குக் குறுகல்.

பின்பல்லுக்கு எப்படியும் கேப் தேவை என்பது இங்கேதான் கைகொடுத்தது. பிரிட்ஜுக்கு இணையாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், அந்தப் பல்லை அதன் சாய்வோடேயே, நரம்பைத் தொடாமல் செதுக்கலாம். மேலே போடும் கேப்பின் முன்பக்கத்தை நேராக வடித்துவிட்டால் இடம் 10 மில்லிமீட்டர் ஆகிவிடும். மேல் பல்லில் ஒரு மில்லிமீட்டர் எனாமலைத் தேய்த்து மெருகிட்டால் உயரமும் கிடைக்கும். எந்தப் பல்லைக் காட்டிப் பிரிட்ஜ் என்று நினைத்தேனோ, அதே பல்தான் இம்பிளாண்டுக்கு வழிவிட்டது.

பத்தாண்டுக் கணக்குகளில் இரண்டும் ரொம்பத் தள்ளி நிற்பதில்லை. நூறு பிரிட்ஜில் சுமார் 90, நூறு ஒற்றை இம்பிளாண்டில் சுமார் 95 வாயில் இருக்கின்றன. நான் பார்த்தது தோற்றால் என்ன போகும் என்பதை. இம்பிளாண்ட் தோற்றால் அது மட்டும் போகும், கொஞ்சம் எலும்பும் போகும். அண்ணாச்சியின் பிரிட்ஜ் தோற்றால் முதலில் போவது பின்பல், அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. அப்போது கீறல் படாமல் இருந்த முன்பல் வெறுமனே செதுக்கியபடி நிற்கும்.

கணக்கு வேறு மாதிரி இருந்தால் முடிவும் வேறு. முன்பல்லிலும் பெரிய அடைப்பு இருந்திருந்தால் யோசிக்காமல் பிரிட்ஜ் சொல்லியிருப்பேன். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் ஊசி போடுகிறவர் என்றால் தாடையில் துளை போடவே தயங்குவேன், அங்கே எலும்பு ஆறாமல் அழுகும் வாய்ப்பு உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளை என்றால், தாடை வளர்ச்சி நிற்கும்வரை கழற்றி மாட்டுவதுதான். மற்ற பற்கள் தாடையோடு வளரும், இம்பிளாண்ட் போட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

காத்திருந்த நான்கு மாதம்

சர்க்கரை 9.2 இருக்கும்போது வைக்க மாட்டேன் என்றதும் அண்ணாச்சிக்குக் கோபம். "காசு குடுக்கேன்னு சொல்லுதேன், நீங்க நாள் கடத்துதீங்க." நான் பாகைத்தான் இழுத்தேன். பதம் வராமல் கடலையைக் கொட்டினால் மிட்டாய் பிடிக்குமா என்று கேட்டேன். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டுவதும் அப்படித்தான், எலும்புச் செல்கள் வந்து அதன் மேல் நேரடியாக வளர வேண்டும். ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1950களில் முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் கழற்ற வராமல் ஒட்டிக்கொண்டதைக் கண்டதில்தான் இந்த வைத்தியமே தொடங்கியது. சர்க்கரை கூடியிருந்தால் அந்த ஒட்டுதல் தாமதமாகும், புண்ணில் தொற்றும் சுலபமாக வரும். கேட்டுக்கொண்டார். பதம் பார்க்கும் வேலை மகனுக்குப் போனது. நான்கு மாதத்தில் 7.3.

இடையில் பின்பல்லின் சொத்தையை எடுத்து அடைத்துவைத்தேன். கேப் மட்டும் கடைசிக்கு.

இம்பிளாண்ட் வைத்த நாள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம். நான் கவனம் வைத்தது சூட்டில். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே அந்த இடம் செத்துவிடும், செத்த எலும்பில் எதுவும் ஒட்டாது. ஆகவே குளிர்ந்த உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்க, கூரான புதுத் துளைப்பியால், விட்டு விட்டு. முதல் துளையிலேயே ஊசி வைத்து எக்ஸ்ரே எடுத்துத் திசையைச் சரிபார்த்தேன். கடைசியில் இம்பிளாண்ட் 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கத்தில் நின்றது.

அன்று இரவு ஒன்பது மணிக்கு நானே போன் செய்தேன். மரத்துப்போனது விட்டுவிட்டதா, கீழ் உதட்டையும் மோவாயையும் தொட்டால் தெரிகிறதா என்று கேட்க. மருந்து விட வேண்டிய நேரம் தாண்டியும் உதடு மரத்தே இருந்தால், இம்பிளாண்ட் நரம்பை அழுத்துகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் எடுத்துவிட்டால் நரம்பு மீள வாய்ப்பு அதிகம். "சூடா ரசம் குடிச்சேன், உதட்டுல சுட்டுச்சு" என்றார். அதைவிட நல்ல பதில் இல்லை.

கேப்பும் கடியும்

கீழ்த்தாடைக்கு மூன்று மாதம் போதும் என்பார்கள், சர்க்கரைக்காக நான்கு மாதம் விட்டேன். பிறகு பின்பல்லின் கேப்பும் இம்பிளாண்டின் பல்லும் ஒரே தடவை அளவெடுத்து, ஒரே நேரத்தில் செய்யக் கொடுத்தேன். சிமெண்ட் வைத்து ஒட்டாமல் ஸ்குருவில் நிற்கும் பல்லாகக் கேட்டேன். ஈறுக்கடியில் வழிந்து தங்கிவிடும் சிமெண்ட், பின்னால் அங்கே சீழ் வைப்பதற்கு அடிக்கடி காரணமாகிறது. ஸ்குரு என்றால் மேலே ஒரு சின்னத் துளை தெரியும், அதைப் பல் நிற அடைப்பால் மூடிவிடலாம்.

கடி சரிபார்ப்பதில்தான் நேரம் போனது. இயற்கைப் பல் நாரில் தொங்குகிறது, கடிக்கும்போது கொஞ்சம் அமுங்கும். இம்பிளாண்டுக்கு நார் இல்லை, அமுங்காது. லேசாகக் கடித்தபோது எல்லாப் பல்லும் சமமாகப் பட்டால், அழுத்திக் கடிக்கும்போது முழுப் பாரமும் இம்பிளாண்டில் இறங்கும். ஆகவே மெல்லிய உலோகத் தாளை நடுவே வைத்து, லேசான கடியில் இம்பிளாண்டிலிருந்து தாள் உருவி வர வேண்டும், பக்கத்துப் பல்லில் பிடித்துக்கொள்ள வேண்டும், அழுத்திக் கடித்தால் இரண்டிலும் பிடிக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். கடலை மிட்டாயை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப எதுக்கு டாக்டரம்மா வச்சோம்?" என்றார். நியாயம்தான். உடைத்துச் சின்னத் துண்டாகச் சாப்பிடுவது என்று பேசி முடித்தோம்.

பதினான்காம் மாதம்

எல்லாம் சரியாகப் போயிற்று என்று எழுத ஆசை. பதினான்கு மாதம் கழித்து மீண்டும் அதே வாசலில். "கடலைத் துணுக்கு சிக்குது."

இம்முறை ஈறுக்கடியில் இல்லை, முன்பல்லுக்கும் இம்பிளாண்ட் பல்லுக்கும் நடுவில். பொருத்திய நாளில் அங்கே பல்நூல் டக்கென்று தடை பட்டுத்தான் இறங்கியது. இப்போது தடையே இல்லாமல் வழுக்கிப் போனது. பற்கள் ஆயுள் முழுக்க மெல்ல மெல்ல முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், இம்பிளாண்ட் மட்டும் எலும்பில் உறைந்து நிற்கும். முன்பல் நகர்ந்து இடைவெளி விட்டிருந்தது. இது அடிக்கடி நடப்பதுதான், பொருத்தும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

மேல் அடைப்பைத் தோண்டி, ஸ்குருவைத் திருப்பி, பல்லைக் கழற்றி லேபுக்கு அனுப்பினேன். முன்பக்கம் கொஞ்சம் பீங்கான் சேர்த்துச் சுட்டு மூன்றாம் நாள் வந்தது. மாட்டினேன், பல்நூல் டக்கென்றது. அவர் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏங்க, ரேடியோ ரிப்பேர் மாதிரில்லா கழத்தி மாட்டுறாக" என்றார்.

எக்ஸ்ரேயில் இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு வைத்த உயரத்தில் இருக்கிறது. ஈறில் கருவி 3 மில்லிமீட்டர் இறங்குகிறது, ஒரு இடத்தில் மட்டும் ரத்தம் கசிந்தது. அந்த இடத்துக்குப் பல்லிடுக்கில் விடும் சின்ன பிரஷ் பழக்கிக்கொடுத்தேன். எச்பிஏ1சி 8.1. தீபாவளி சீசனில் மகன் ஊரில் இல்லையாம், பதம் இவரே பார்த்திருக்கிறார். அடுத்த வரவை ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதத்தில் போட்டிருக்கிறேன்.